சுருள்வில்லில் தொங்கும் நிறையின் வீச்சுக் குறைவிலிருந்து தரக்காரணி காணல்

நோக்கம்

சுருள்வில்லில் அலையும் நிறையின் வீச்சை 10 அலைவுகளுக்கு ஒரு முறை அளந்து, அது குறையும் வேகத்திலிருந்து தரக்காரணி Q-வைக் கணக்கிடுதல்.

அமைப்பு

சுருள்வில்லின் நிறை 18 கிராம். எடைதாங்கி, எடைகள், அடியில் ஒட்டிய அட்டை வட்டு எல்லாம் சேர்ந்து 250 கிராம். 50 கிராம் கூட்டினால் வில் 4.1 செ.மீ. நீண்டது. ஆகவே வில் மாறிலி k = 0.050 × 9.8 / 0.041 ≈ 12.0 N/m.

20 அலைவுகளுக்கு 18.4 நொடி ஆனது, அதாவது T = 0.920 நொடி. வில்லின் நிறையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் 0.91 நொடிதான் வருகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கை, 6 கிராமை, சேர்த்த பிறகுதான் அளவீட்டோடு பொருந்தியது.

கோட்பாடு

தடை விசை வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருந்தால் வீச்சு அடுக்குக்குறி முறையில் குறையும். n அலைவுகளுக்குப் பிறகு:

ln(A₀/Aₙ) = πn/Q

எனவே ln A-க்கும் n-க்கும் வரைபடம் வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். அதன் சாய்வின் அளவு π/Q.

செய்முறை

முதல் முயற்சியை முழுவதுமாக ஒதுக்கிவிட்டோம். வில்லை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். நிறை மேலும் கீழும் ஆடத் தொடங்கி அரை நிமிடத்துக்குள் பக்கவாட்டில் ஊசலாட ஆரம்பித்தது. கையை எவ்வளவு கவனமாக எடுத்தாலும் அப்படியேதான் நடந்தது. அப்புறம் அளந்து பார்த்தால் தொங்கும் மொத்த நீளம் ஏறக்குறைய 82 செ.மீ. அந்த நீள ஊசலின் அலைவு நேரம் 1.82 நொடி, அதாவது வில்லின் அலைவு நேரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த விகிதத்தில்தான் செங்குத்து ஆட்டத்தின் ஆற்றல் எளிதாகப் பக்கவாட்டு ஆட்டத்துக்கு மாறும். வீச்சு குறைவது காற்றின் தடையால் என்று நினைத்து அளந்திருந்தால் Q தவறாகவே வந்திருக்கும். நூலை எடுத்துவிட்டு வில்லை நேராகக் கொக்கியில் மாட்டியதும் அந்த ஆட்டம் நின்றது.

அளவுகோலைப் பின்னால் நிறுத்தி, சமநிலை உயரத்தில் கைபேசியை வைத்துப் படம் பிடித்தோம். ஒவ்வொரு பத்தாவது அலைவிலும் குறிமுள்ளின் மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டையும் படித்து, வித்தியாசத்தில் பாதியை வீச்சாக எடுத்தோம். ஒரு பக்கம் மட்டும் படித்தால் சமநிலைப் புள்ளியில் 1 மி.மீ. பிழை இருந்தாலும் கடைசி அளவீடு பத்தில் ஒரு பங்குக்கு மேல் தவறிவிடும். இரண்டையும் படித்தால் அந்தப் பிழை கழிந்துவிடுகிறது.

அளவீடுகள் (பிழை ±0.05 செ.மீ.)

| n | A (செ.மீ.) | ln A |
|---|---|---|
| 0 | 8.00 | 2.079 |
| 10 | 5.45 | 1.696 |
| 20 | 3.90 | 1.361 |
| 30 | 2.80 | 1.030 |
| 40 | 2.10 | 0.742 |
| 50 | 1.55 | 0.438 |
| 60 | 1.20 | 0.182 |
| 70 | 0.90 | −0.105 |

கணக்கீடு

முதல் அளவீட்டையும் கடைசி அளவீட்டையும் மட்டும் எடுத்தால் Q = 70π / 2.185 ≈ 101. ஆனால் இந்த எண்ணை நாங்கள் விடையாக ஏற்கவில்லை. வரைபடத்தில் புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. தொடக்கம் செங்குத்தாகவும் பின்பகுதி சாய்வு குறைந்தும் இருக்கிறது. முதல் 20 அலைவுகளுக்குத் தனியாகக் கணக்கிட்டால் Q ≈ 88. n = 30 முதல் 70 வரை உள்ள ஐந்து புள்ளிகளுக்கு நேர்கோடு பொருத்தினால் சாய்வு −0.0283, அதிலிருந்து Q ≈ 111.

இதற்குக் காரணம் வட்டுதான். வீச்சு அதிகமாக இருக்கும்போது வட்டு வேகமாக நகர்கிறது. அப்போது காற்றின் இழுவையில் வேகத்தின் இருமடிக்கு ஏற்ற பகுதியும் சேர்ந்துகொள்கிறது. நாங்கள் பயன்படுத்திய சூத்திரத்தில் அந்தப் பகுதிக்கு இடமில்லை. சிறிய வீச்சில் அது மங்கிவிடுவதால் பின்பகுதியை நம்பலாம். 101 என்பது இரண்டு வேறு நிலைகளின் சராசரி மட்டுமே; வரைபடம் போடாமல் இருந்திருந்தால் அதையே எழுதி முடித்திருப்போம்.

பிழை: 0.90 செ.மீ.-இல் 0.05 என்பது 5.6%. 2.80 செ.மீ.-இல் 1.8%. இரண்டும் சேர்ந்து Q-வில் ஏறக்குறைய 5% பிழை தருகின்றன.

வட்டை எடுத்துவிட்டு ஒரு முறை பார்த்தோம். 4.00 செ.மீ. வீச்சு 100 அலைவுகளுக்குப் பிறகும் 2.90 செ.மீ. இருந்தது, Q ஏறக்குறைய 980. தடையின் பெரும்பகுதி வட்டுக்கும் காற்றுக்கும் இடையில்தான் என்பது இதில் தெளிவாகிறது.

அலைவு நேரம் தொடக்கத்திலும் முடிவிலும் 20 அலைவுகளுக்கு 18.4 நொடியாகவே இருந்தது. Q = 111 என்றால் தடையால் வரும் மாற்றம் 1/(8Q²), அதாவது ஒரு லட்சத்தில் ஒரு பங்கு. நிறுத்துக் கடிகாரத்தில் அது தெரியாது.

முடிவு

வட்டுடன், 2.8 செ.மீ.-க்கு உட்பட்ட வீச்சில்: Q = 111 ± 6. வீச்சு e மடங்கு குறைய ஆகும் நேரம் QT/π ≈ 32.5 நொடி. ஒவ்வொரு அலைவிலும் இழக்கும் ஆற்றல் 2π/Q ≈ 5.7%.