34, கோயம்புத்தூர், மோட்டார் வைண்டிங் கடை
கணபதி பக்கம் சொந்தமா கடை வச்சிருக்கேனுங்க. பீச், கூலிங் கிளாஸ் போட்டோ எல்லாம் எனக்கு செட் ஆகாது, இது கடையில வேலை பாக்கறப்ப தம்பி எடுத்தது, சட்டையில இருக்கறது வார்னிஷ் கறை. தோட்டத்து மோட்டார் காயில் எரிஞ்சு போச்சுன்னு யாராவது வந்தா அன்னிக்கு ராத்திரியே கழட்டி, பழைய காப்பர் கம்பிய உருவி, எத்தனை சுத்துன்னு எண்ணி நோட்டுல எழுதிட்டு புதுசா சுத்துவேன், தண்ணியில்லாம பயிர் வாடக்கூடாது பாருங்க. அதனால ரிப்ளை லேட்டாகும், ஆனா கண்டிப்பா வரும். ஞாயித்துக்கிழமை லீவு, காலைல அம்மாவ மருதமலைக்கு கூட்டிட்டு போவேன்.

கல்யாணம் பண்ற எண்ணத்தோடதான் வந்திருக்கேன். நீங்க வேலைக்கு போறவங்கன்னா ரொம்ப சந்தோஷம், விட வேண்டாம். சாயங்காலம் அன்னிக்கு நடந்தத உக்காந்து பேசணும், அது எனக்கு முக்கியம். முதல்ல ஒரு டீ குடிச்சுட்டு பேசலாமுங்க.