லிஃப்ட் பராமரிப்புக்கான சேவைத்தர ஒப்பந்தம்

சென்னை வேளச்சேரியில் ஏ, பி என இரண்டு பிளாக்குகளும் 144 வீடுகளும் கொண்ட குடியிருப்பின் உரிமையாளர் சங்கத்துக்கும் (இனி "சங்கம்"), லிஃப்ட் பராமரிப்பை ஏற்கும் நிறுவனத்துக்கும் (இனி "பராமரிப்பாளர்") இடையே 2026 மார்ச் 24 அன்று இந்த ஒப்பந்தம் செய்துகொள்ளப்பட்டது. இரு தரப்பின் பெயரும் முகவரியும் 2026 மார்ச் 2 தேதியிட்ட பணி ஆணையில் உள்ளன. அந்த ஆணையோடு இந்த ஒப்பந்தம் முரண்படும் இடங்களில் இந்த ஒப்பந்தமே செல்லும்.

முன்னுரை

சென்ற ஆண்டு வேறொரு நிறுவனத்தோடு சங்கம் போட்டிருந்த ஏஎம்சி ஒப்பந்தத்தில் "புகார் வந்தவுடன் உடனடியாகக் கவனிக்கப்படும்" என்ற ஒரு வரிதான் இருந்தது. ஆகஸ்ட் மாதத்து இரவு ஒன்றில், மூட்டுவலியால் நிற்கவே சிரமப்படும் ஒரு அம்மா நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே 1 மணி 40 நிமிடம் சிக்கியிருந்தார். "உடனடியாக" என்றால் எத்தனை நிமிடம் என்று கேட்டபோது அந்த ஒப்பந்தத்தில் பதில் இல்லை. அதனால் இந்த ஒப்பந்தத்தில் ஒவ்வொரு கடமைக்கும் நேரம் எண்ணில் எழுதப்பட்டிருக்கிறது. வாட்ச்மேனும் மெக்கானிக்கும் தாங்களே படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இது தமிழில் எழுதப்பட்டது.

1. எவை, எவ்வளவு காலம், எவ்வளவு தொகை

ஏ-1, பி-1 ஆகியவை 13 பேர் (884 கிலோ) செல்லும் ஸ்ட்ரெச்சர் லிஃப்ட்கள். ஏ-2, பி-2 ஆகியவை 8 பேர் (544 கிலோ) செல்பவை. நான்கும் ஸ்டில்ட் தளம் முதல் 9-ஆம் மாடி வரை ஓடுகின்றன. ஒப்பந்தக் காலம் 2026 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை.

உதிரி பாகங்களையும் உள்ளடக்கிய முழுப் பராமரிப்புக்கு ஒரு லிஃப்டுக்கு மாதம் ₹6,000, நான்குக்கும் காலாண்டுக்கு ₹72,000. 18% ஜிஎஸ்டி ₹12,960 சேர்த்து ₹84,960. முன்பணம் கிடையாது. காலாண்டு முடிந்து, பிரிவு 5-இன்படி தொகையிலிருந்து குறைக்கும் கழிவுகள் ஆய்வுக் கூட்டத்தில் முடிவான பிறகே பராமரிப்பாளர் பில் போடுவார். பில் வந்த 15 நாளில் சங்கம் பணம் செலுத்தும்.

2. பழுதின் தரம்

முதல் தரம்: லிஃப்டுக்குள் ஆள் சிக்கியிருப்பது; கேபின் இல்லாத மாடியில் கதவு திறப்பது; கதவு திறந்த நிலையில் கேபின் நகர்வது. பின் இரண்டு நிகழ்வுகளில் யாருக்கும் காயம் இல்லாவிட்டாலும் அது முதல் தரமே.

இரண்டாம் தரம்: ஒரு பிளாக்கில் இரண்டு லிஃப்டும் நின்றுபோவது. ஸ்ட்ரெச்சர் லிஃப்ட் மட்டும் நின்றிருக்கும்போது நோயாளியை இறக்க வேண்டிய தேவை வந்தால் அதுவும் இத்தரத்தில் சேரும்.

மூன்றாம் தரம்: ஒன்று நின்று, மற்றது ஓடுவது.

நான்காம் தரம்: விசிறி, விளக்கு, பட்டன், மாடி எண் காட்டும் பலகை, சத்தம், மாடி மட்டத்தில் சிறு ஏற்ற இறக்கம்.

தரத்தைப் புகார் தரும்போது சங்கம் சொல்லும். மாற்றுக் கருத்து இருந்தால் பராமரிப்பாளர் அதை ஆய்வுக் கூட்டத்தில் எழுப்பலாம். பழுதின்போது அதைக் காரணம் காட்டித் தாமதிக்கக் கூடாது.

3. வரும் நேரம், சரிசெய்யும் நேரம்

முதல் தரத்துக்கு எந்த நாளானாலும் எந்த நேரமானாலும் 30 நிமிடத்தில் மெக்கானிக் வர வேண்டும். வந்த 20 நிமிடத்தில் சிக்கியவர் வெளியே வந்திருக்க வேண்டும். 30 நிமிடம் தாண்டினால் சங்கம் 101 அல்லது 112-ஐ அழைக்கும். மீட்பில் கதவுக்கோ கேபினுக்கோ ஏற்படும் சேதத்தைப் பராமரிப்பாளரே சரிசெய்வார். பயிற்சி பெறாத யாரும், வாட்ச்மேன் உட்பட, கதவைச் சாவி போட்டுத் திறக்கவோ ஆளை இழுக்கவோ கூடாது. உள்ளே இருப்பவரோடு இண்டர்காமில் பேசிக்கொண்டே இருப்பதுதான் வாட்ச்மேனின் வேலை.

இரண்டாம் தரத்துக்கு 1 மணி நேரத்தில் வந்து 4 மணி நேரத்தில் குறைந்தது ஒரு லிஃப்டையாவது ஓட்ட வேண்டும். மூன்றாம் தரத்துக்கு 2 மணி நேரத்தில் வந்து 8 மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும். இத்தரத்துக்கு மட்டும் இரவு 10 முதல் காலை 6 வரையிலான நேரம் கணக்கில் வராது. நான்காம் தரம் அடுத்த வேலை நாள் மாலை 6 மணிக்குள்.

இந்த நேரங்கள் எல்லாம் முதல் அழைப்பு மணி அடித்த நிமிடத்திலிருந்து ஓடும். போனை எடுக்கவில்லை என்பதாலோ புகார் எண் பின்னால் வந்ததாலோ தொடக்கம் தள்ளிப்போகாது. வாட்ச்மேன் அறையிலுள்ள லாக் புத்தகத்தில் அழைத்த நேரம், மெக்கானிக் வந்த நேரம், லிஃப்ட் ஓடிய நேரம் ஆகிய மூன்றையும் எழுதி, மெக்கானிக்கும் வாட்ச்மேனும் கையெழுத்திட வேண்டும். "வந்து பார்த்தோம், பார்ட்ஸ் வேண்டும்" என்று எழுதிச் செல்வது வருகையாக மட்டும் கணக்காகும், சரிசெய்ததாக ஆகாது.

காண்டாக்டர், ரிலே, கதவு பெல்ட், கதவு லாக் காண்டாக்ட், கைடு ஷூ, பட்டன், கதவு சென்சார், மின்தடையில் அருகிலுள்ள மாடிக்குக் கொண்டுசேர்க்கும் மீட்புக் கருவியின் பேட்டரி ஆகியவற்றைப் பராமரிப்பாளர் சென்னையிலேயே இருப்பில் வைத்திருப்பார். இவை கிடைக்கவில்லை என்பது காரணமாகாது. மோட்டார், டிரைவ், கன்ட்ரோலர் போர்டு, கம்பிவடம் ஆகியவற்றுக்கு மட்டும் 7 நாள் வரை அவகாசம் உண்டு. அதற்கு, பழுது தெரிந்த 24 மணி நேரத்தில் ஆர்டர் போட்ட சான்றைக் காட்ட வேண்டும்.

4. பாதுகாப்புச் சுற்றை ஷார்ட் போட்டு ஓட்டக் கூடாது

கதவு லாக் காண்டாக்ட் பழுதானால் ஒரு துண்டு ஒயரால் ஷார்ட் போட்டு லிஃப்டை ஓட்டிவிட்டுப் போகும் பழக்கம் இத்தொழிலில் உண்டு. லிஃப்ட் ஓடும், புகாரும் முடிந்ததாகத் தெரியும். ஆனால் கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாகவே கன்ட்ரோலர் நம்பும், கேபின் நகரும். மேலே குறித்த நேரங்களும் கழிவுகளும் மெக்கானிக்கை இந்தக் குறுக்குவழிக்குத் தள்ளிவிடக் கூடாது என்பதில் சங்கம் உறுதியாக இருக்கிறது. எனவே:

பாதுகாப்பாக ஓட்ட முடியாத லிஃப்டை நிறுத்தி, மெயின் சுவிட்சை அணைத்து, "ஓட்டாதீர்" என்று மெக்கானிக் பலகை மாட்டினால், அந்த லிஃப்டுக்கு அப்போதிருந்து 24 மணி நேரம் கழிவு ஓடாது. ஆய்வுக்காக மெஷின் ரூமில் மெக்கானிக் நின்று ஓட்டும் நேரம் தவிர வேறெப்போது ஷார்ட் போட்டிருந்தது தெரிந்தாலும், அந்தக் காலாண்டுத் தொகை முழுவதும் பராமரிப்பாளருக்குக் கிடைக்காது. முன்னறிவிப்பு இல்லாமல் ஒப்பந்தத்தை முடிக்கவும் சங்கத்துக்கு உரிமை உண்டு. இதற்கு இரண்டாம் வாய்ப்பு இல்லை.

முதல் தர நிகழ்வுக்குப் பின், காரணத்தை எழுத்தில் தந்து, சங்கச் செயலாளர் கையெழுத்திட்ட பிறகே அந்த லிஃப்ட் மீண்டும் ஓடும்.

5. கழிவுகள்

முதல் தரம்: 30 நிமிடத்துக்கு மேல் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் ₹1,500. இரண்டாம் தரம்: வருவதிலோ சரிசெய்வதிலோ தாமதமான ஒவ்வொரு மணிக்கும் ₹500. மூன்றாம் தரம்: அவ்வாறே ₹250. நான்காம் தரம்: நாளுக்கு ₹100. தொடங்கிய 15 நிமிடமும் மணியும் முழுதாகக் கணக்கிடப்படும்.

இவை தவிர, ஒவ்வொரு லிஃப்டும் மாதத்தில் 10 மணி நேரம் வரை பழுதால் நிற்கலாம். 10-க்கு மேல் 24 மணி வரை ₹600, அதற்கு மேல் 72 மணி வரை ₹1,500, அதையும் தாண்டினால் அந்த லிஃப்டின் மாதத் தொகை ₹6,000 கழியும். இக்கணக்கில் இரவு நேரமும் சேரும். நான்கு லிஃப்டுக்கும் சராசரி எடுக்கும் முறை வேண்டாமென்று சங்கம் கேட்டது, பராமரிப்பாளரும் ஏற்றார். 30 நாள் மாதத்தில் ஒரு லிஃப்ட் முழுதாக ஒரு நாள் நின்றாலும் சராசரி 99.17% என்றே காட்டும். பி-2-ஐ நம்பி எட்டாம் மாடியில் இருப்பவருக்கு அந்த எண்ணால் பயனில்லை.

ஒரே பழுதுக்கு இரண்டு வகைக் கழிவும் பொருந்தினால் பெரியது மட்டும் எடுக்கப்படும். எடுத்துக்காட்டு: சனி மாலை 6.10-க்கு பி-2 நிற்கிறது, பி-1 ஓடுகிறது. மெக்கானிக் வர வேண்டியது 8.10, வந்தது 9.25. இரண்டு மணிக் கணக்கில் ₹500. இரவைக் கழித்தால் ஞாயிறு காலை 10.10-க்குள் சரியாகியிருக்க வேண்டும், சரியானது மாலை 4.40. ஏழு மணிக் கணக்கில் ₹1,750. மொத்தம் ₹2,250. லிஃப்ட் நின்ற 22 மணி 30 நிமிடத்துக்கான ₹600 இதைவிடக் குறைவு என்பதால் ₹2,250 மட்டும் கழியும்.

ஒரே பழுது 30 நாளில் மூன்றாம் முறை வந்தால், முதல் இரண்டு முறை நின்ற நேரமும் சேர்ந்து ஒரே பழுதாகக் கணக்காகும். மாதாந்திர சர்வீஸ் செய்யாத லிஃப்டுக்கு அந்த மாதத் தொகை கிடையாது.

காலாண்டின் மொத்தக் கழிவு ₹14,400-ஐத் தாண்டாது. முதல் தரத் தாமதத்துக்கும் பிரிவு 4-க்கும் இந்த உச்சவரம்பு பொருந்தாது. கழிவு வரிக்கு முந்தைய தொகையிலிருந்து எடுக்கப்படும். இத்தொகைகள் சேவை குறைந்ததால் குடியிருப்போர் படும் இழப்புக்கு இரு தரப்பும் முன்கூட்டியே செய்த நியாயமான மதிப்பீடு என்பதையும், இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 74 இவற்றுக்குப் பொருந்தும் என்பதையும் இருவரும் அறிவர்.

6. கணக்கில் சேராதவை, சங்கத்தின் கடமை

மின்வாரியத் தடையும் ஜெனரேட்டர் பழுதும் பராமரிப்பாளரின் பொறுப்பல்ல. ஆனால் மின்தடையில் மீட்புக் கருவி வேலை செய்யாமல் ஆள் சிக்கினால் அது முதல் தரப் பழுதே. சிமெண்ட் மூட்டை, டைல்ஸ் ஏற்றியதால் வரும் சேதம், மாடி கழுவிய தண்ணீர் ஷாஃப்டில் இறங்குவது ஆகியவை சங்கத்தின் செலவு.

வெள்ளம் தனி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி வெள்ளத்தில் நின்ற நிலை இரு தரப்புக்கும் தெரியும். வானிலை மையம் சென்னைக்கு ரெட் அலர்ட் கொடுத்தவுடன், நான்கு லிஃப்டையும் 2-ஆம் மாடிக்கு மேல் நிறுத்தி மின்சாரத்தைத் துண்டிக்கும் பொறுப்பு பராமரிப்பாளருக்கு உண்டு. அதைச் செய்திருந்தால் வெள்ள நாட்களுக்குக் கழிவு இல்லை. செய்யாமல் கேபின் நீரில் மூழ்கினால் சேதம் அவருடையது. லிஃப்டின் அடிக்குழியான பிட்டில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைச் சங்கம் பராமரிக்கும்.

சங்கம் 30 நாளுக்கு மேல் பில் பாக்கி வைத்தால், பாக்கி தீரும் வரை முதல் தரம் தவிர மற்றவற்றுக்குக் கழிவு கேட்க முடியாது.

7. ஆய்வுக் கூட்டங்கள்

ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை காலை 10.30-க்குச் சங்க அறையில் அரை மணி நேரக் கூட்டம். எங்கள் லிஃப்டில் உண்மையாகக் கைவைக்கும் மெக்கானிக் வர வேண்டும், அலுவலகத்திலிருந்து வேறொருவர் வந்தால் போதாது. லாக் புத்தகத்தைத் திறந்து வைத்து ஒவ்வொரு பழுதாகப் பார்த்து, அன்றே கழிவு எழுதப்படும்.

ஜூலை, அக்டோபர், ஜனவரி, ஏப்ரல் கூட்டங்கள் காலாண்டுக் கூட்டங்கள். பராமரிப்பாளரின் சர்வீஸ் பொறுப்பாளரும் சங்கப் பொருளாளரும் இருந்து கணக்கை முடிப்பர். திரும்பத் திரும்ப வரும் பழுது, அடுத்த மூன்று மாதத்தில் மாற்ற வேண்டிய பாகம், தமிழ்நாடு லிஃப்ட் சட்டத்தின் கீழ் மின் ஆய்வுத் துறையின் உரிமமும் ஆய்வும் எந்த நிலையில் உள்ளன ஆகியவை கட்டாயம் பேசப்படும். செப்டம்பர் கடைசி வாரத்தில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், இருவரும் சேர்ந்து நான்கு பிட்டிலும் இறங்கிப் பார்ப்பர்.

கூட்டக் குறிப்பைச் சங்கச் செயலாளர் 3 நாளில் அனுப்புவார். 5 நாளில் மறுப்பு வராவிட்டால் அது இறுதி. பராமரிப்பாளர் வராத கூட்டத்தில் லாக் புத்தகப் பதிவே ஏற்கப்பட்டதாகும். சங்கம் கூட்டத்தை நடத்தாவிட்டால் அந்த மாதக் கழிவைப் பின்னர் கேட்க முடியாது.

8. முடித்தலும் தகராறும்

அடுத்தடுத்த இரண்டு காலாண்டில் கழிவு உச்சவரம்பைத் தொட்டால் சங்கம் 30 நாள் அறிவிப்பில் விலகலாம். மற்றபடி எந்தத் தரப்பும் 60 நாள் அறிவிப்பில் விலகலாம். விலகும்போது கன்ட்ரோலர் பாஸ்வேர்டு, வயரிங் வரைபடம், சாவிகள் ஆகியவற்றைப் பராமரிப்பாளர் ஒப்படைத்த பிறகே கடைசி பில் தீர்க்கப்படும்.

கருத்து வேறுபாட்டை முதலில் சங்கத் தலைவரும் நிறுவனப் பங்குதாரரும் 15 நாளில் பேசித் தீர்ப்பர். தீராவிட்டால் இருவரும் ஏற்கும் ஒரே நடுவர் முன், 1996-ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்புச் சட்டப்படி, சென்னையில் தமிழில் விசாரணை நடக்கும்.

இரண்டு அசல் படிகளில் சங்கத் தலைவர், செயலாளர், பராமரிப்பாளரின் பங்குதாரர் ஆகியோர் கையெழுத்திட்டனர். பிரிவு 3, 4 ஆகியவற்றின் நகல் வாட்ச்மேன் அறையிலும் மெஷின் ரூம் கதவிலும் ஒட்டப்படும்.