வெப்பம் எங்கே சிக்குகிறது? – முதலாம் ஆண்டு மாணவருக்கு ஓர் அறிமுக உரை

வணக்கம் பிள்ளைகள். குளிருக்கு ஜெர்சிக்குள் ஒளித்து வைத்திருக்கும் கைகளைக் கொஞ்சம் வெளியே எடுங்கள். ஒரு கையை மேசைப் பலகையில் வையுங்கள், மற்றதை அதன் இரும்புக் காலில் வையுங்கள். எது குளிர்?

இரும்பு என்கிறீர்கள். ராத்திரி முழுக்க இரண்டும் இந்த மண்டபத்தில்தானே கிடந்தன? வெப்பமானி வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே அளவுதான் காட்டும். உங்கள் கை வெப்பநிலையை அளக்கவில்லை. தன்னிடமிருந்து வெப்பம் எவ்வளவு வேகமாகக் கழன்று போகிறது என்பதைத்தான் உணர்கிறது. இரும்பு மளமளவென்று இழுத்துக்கொள்கிறது, பலகை மெதுவாக இழுக்கிறது.

கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் என்று சாதாரணதரத்தில் மனப்பாடம் செய்த மூன்றும்தான் இந்தப் பாடத்திலும் வரும். பயப்பட வேண்டாம். அங்கே வெப்பம் எப்படிப் போகும் என்று கேட்டார்கள். இங்கே ஒரு செக்கனுக்கு எவ்வளவு போகும், எந்த இடத்தில் சிக்கும் என்று கேட்போம்.

போன வருடம் தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளை ஒருவர் என்னை மடக்கினார். "சேர், நம்ம பக்கம் கரண்ட் தண்ணியிலதானே எடுக்கிறாங்க, வெப்பம் எதுக்கு?" நியாயமான கேள்வி. மேல் கொத்மலையின் 150 மெகாவாட்டும் லக்ஷபானவும் கெனியனும் விழுகிற தண்ணீரில்தான் ஓடுகின்றன. ஆனால் நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரியில் ஓடுகிறது. மழை பொய்த்த வருடத்தில் நம் லயத்து மின்குமிழும் அந்த நெருப்பை நம்பித்தான் எரியும்.

அங்கே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெருப்பின் வெப்பம் குழாய்ச் சுவரைத் தாண்டித் தண்ணீருக்குள் போகிறது. தண்ணீர் நீராவியாகி டர்பைனைச் சுழற்றுகிறது. இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். பலருக்குத் தெரியாதது டர்பைனுக்குப் பின்னால் நடக்கும் கதை. வேலை முடிந்த நீராவியைக் கடல் தண்ணீர் ஓடும் குழாய்களின்மேல் விட்டுக் குளிர்வித்து மறுபடி தண்ணீராக்குகிறார்கள். நீராவி சட்டென்று சுருங்குவதால் அங்கே அழுத்தம் வளிமண்டலத்தில் பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும். முன்னால் நீராவி தள்ளுகிறது, பின்னால் தடுக்க ஒன்றுமில்லை. டர்பைன் நன்றாக உழைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இதற்கான விதை 1765-இல் ஜேம்ஸ் வாட்டுக்கு வந்த யோசனை: நீராவியைச் சிலிண்டருக்குள்ளேயே குளிர்விக்காமல், தனியாக ஒரு பாத்திரத்தில் குளிர்வித்தால் என்ன?

சாதாரண நிலக்கரி நிலையமொன்றில் எரித்த வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகும். மிச்சத்தில் பெரும் பகுதியைத் தண்ணீரோடு வெளியே அனுப்பியாக வேண்டும். அனுப்ப முடியாவிட்டால் அந்த மூன்றில் ஒன்றும் குறையும்.

இப்போது இதைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் நண்பன் வீட்டு மின்சாரக் கேத்தல். கைமாற்றிப் பாருங்கள், உள்ளே விரல் விட்டாலும் பரவாயில்லை. சுருளின்மேல் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாக இருக்கிறதா? அங்கே சுண்ணாம்புக்கல் நிலம், கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் அதிகம். நம் பீலித் தண்ணீரில் இவ்வளவு படியாது, அதனால்தான் வெளியூரிலிருந்து வரவழைத்தேன். இந்தப் படிவு ஒரு மில்லிமீற்றர் இருந்தால், இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உருக்குத் தகடு வெப்பத்தை மறிப்பதைப் போல மறிக்கும். கொதிகலன் குழாய்க்குள் இது படிந்தால் நெருப்பு நிற்காது. வெப்பம் உள்ளே போக வழியில்லாமல் குழாய்ச் சுவரே சூடேறி, இளகி, கடைசியில் வெடிக்கும். அதனால்தான் மின் நிலையத்தில் தண்ணீரை அவ்வளவு செலவு செய்து சுத்தம் பண்ணுகிறார்கள்.

அடுத்து பிரிட்ஜ். பிரிட்ஜ் குளிரை உண்டாக்குகிறது என்று இனி யாரும் இந்த வகுப்பில் சொல்லக் கூடாது. அது உள்ளேயிருக்கும் வெப்பத்தை எடுத்துப் பின்பக்கத்துக் கம்பிச் சுருள் வழியாக அறைக்குள் கொட்டுகிறது, அவ்வளவுதான். இப்போதைய பல பிரிட்ஜ்களில் இருக்கும் ஐசோபியூட்டேன் சாதாரண அழுத்தத்தில் ‑12 பாகையிலேயே கொதிக்கும். கொதிக்கத் தேவையான வெப்பத்தை மரக்கறியிடமும் பாலிடமும் வாங்கிக்கொள்கிறது. சுருளைச் சுவரோடு ஒட்டி வைத்தால் வெப்பம் வெளியேற வழியிருக்காது. உள்ளே ஐஸ்தட்டைச் சுற்றிப் பனி மொத்தமாகப் பிடித்தாலும் இதே கதைதான். பனிக்குள் காற்று இருக்கிறது, காற்றோ கம்பளி மாதிரி.

என் வீட்டுக் கதை ஒன்று. நுவரெலியாவில் குடியேறிய முதல் ஜனவரியில் எங்கள் பிரிட்ஜின் மேல்தட்டில் ஐஸ்கிரீம் தண்ணீராகிவிட்டது. வெளியே புல்லில் உறைபனி, உள்ளே ஐஸ் உருகுகிறது! திருத்த வந்தவர் ரிலேயை மாற்றினார், பிறகு வாயு நிரப்பினார், இரண்டு முறை காசும் வாங்கினார். ஒன்றும் சரிவரவில்லை. ஒரு ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தபோதுதான் விளங்கியது. வெப்பநிலையைப் பார்த்து கம்பிரசரை ஓட்டும் தெர்மோஸ்டாட் கீழ்த்தட்டில் இருக்கிறது. நாங்கள் பிரிட்ஜை வைத்திருந்ததோ பின்பக்க இஸ்தோப்பில். அங்கே ராத்திரியில் எட்டு, ஒன்பது பாகைதான். கீழ்த்தட்டுக்குள் வெளியிலிருந்து வெப்பம் கசிந்தால்தானே கம்பிரசர் ஓடும்? அது ஓடவில்லை, மேல்தட்டு கைவிடப்பட்டது. பிரிட்ஜைத் தூக்கிக் குசினியில் அடுப்புக்கு எதிர்ப்பக்கம் வைத்தோம். ஐஸ் இறுகிவிட்டது. சூடான இடத்தில் வைத்ததால் ஐஸ் இறுகிய கதையை என் மாமியார் இன்றுவரை நம்பவில்லை.

கடைசியாக மின்னணுக் கருவிகள். உங்கள் அம்மாவின் 1000 வாட் இஸ்திரிப்பெட்டியின் அடித்தகடு ஏறத்தாழ 200 சதுர சென்ரிமீற்றர். சதுர சென்ரிமீற்றருக்கு 5 வாட். மேசைக் கணினியின் புரொசசர் மும்முரமாக ஓடும்போது 100 வாட் விடலாம். அதன் சிலிக்கன் துண்டு இரண்டு சதுர சென்ரிமீற்றர் என்று வையுங்கள், 50 வாட். அடுத்த முறை உடுப்புத் தேய்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சூட்டை வாங்க மேலே உலோகத் துடுப்புகள் பூட்டுவார்கள். எவ்வளவு வழவழப்பாகத் தேய்த்தாலும் இரண்டு உலோகங்களும் மேடுகளில் மட்டுமே தொடும், பள்ளங்களில் காற்று நிற்கும். செம்பு கடத்துவதில் காற்று பதினையாயிரத்தில் ஒரு பங்குதான் கடத்தும். அதற்காகத்தான் நடுவில் அந்தச் சாம்பல் நிறப் பசை. பசை ஒன்றும் பெரிய கடத்தி இல்லை, காற்றைவிட எவ்வளவோ மேல், அவ்வளவுதான்.

ஒரு தோட்டத்து ஸ்டோரு அலுவலகத்திலிருந்து அடிக்கடி நின்றுபோகும் மடிக்கணினி ஒன்றைக் கொண்டு வந்தார்கள். விசிறியைக் கழற்றினேன். துடுப்புகளுக்கு முன்னால் தேயிலை நாரும் தூசியும் சேர்ந்து கம்பளித் துண்டு மாதிரி பின்னிக் கிடந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக வந்தது, தேயிலை வாசமும் வந்தது. வேறு பழுது எதுவும் இல்லை. புரொசசர் விடும் வெப்பம் குறையாது, வழியும் இல்லை, ஆகவே வெப்பநிலை ஏறியது. முதலில் வேகத்தைக் குறைத்துப் பார்த்தது, முடியாமல் தன்னை நிறுத்திக்கொண்டது.

வியாழக்கிழமை ஆய்வுகூடத்தில் இந்த யாழ்ப்பாணக் கேத்தலையும், இதே 1500 வாட்டில் படிவே இல்லாத புதிய கேத்தல் ஒன்றையும் ஒரு லீற்றர் தண்ணீரோடு பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். எது முதலில் கொதிக்கும் என்று இன்றே கொப்பியில் எழுதி, காரணமும் எழுதிக்கொண்டு வாருங்கள். அவசரப்பட்டுப் புதியது என்று எழுதாதீர்கள். இரண்டுக்கும் உள்ளே போவது அதே 1500 வாட்தான். அப்படியானால் அந்த வெள்ளைப் படிவு எதை மாற்றுகிறது?