1968ஆம் ஆண்டுத் தானசெட்டில்மென்ட் பத்திரம்: மொழிபெயர்ப்புக் குறிப்பு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் பாட்டனார் 1968இல் பதிவு செய்த ஏழு பக்கத் தானசெட்டில்மென்ட் பத்திரத்தை, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நாங்கள் தாக்கல் செய்யவிருக்கும் இரண்டாம் மேல்முறையீட்டுடன் இணைப்பதற்காக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தர வேண்டுகிறேன். இதைப் படிக்கப்போகிறவர்கள் நீதிபதியும் இருதரப்பு வழக்கறிஞர்களும் என்பதால், நடையழகைவிட மூலத்துக்கு நேர்மையாக இருப்பதே முக்கியம். வழக்கே ‘ஆயுள்வரை அனுபவித்து, பின்னர் சர்வ சுதந்திரமாய் அடைந்துகொள்ள’ என்ற ஒரே தொடரின் பொருளைச் சுற்றியது. அதற்கு விளக்கம் சேர்க்காமல் உள்ளது உள்ளபடியே தாருங்கள். ‘குழி’ என்ற அளவை ஏக்கராக மாற்ற வேண்டாம், அது ஊருக்கு ஊர் வேறுபடும். மை மங்கிய இடங்களை ஊகிக்காமல், தெளிவில்லை என்றே குறிக்கவும். எங்கள் வழக்கறிஞர் சரிபார்க்க வேண்டியிருப்பதால், தங்கள் கையொப்பமிட்ட சான்றுரையுடன் மார்ச் 14 மாலைக்குள் கிடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
மேல்முறையீட்டாளர்