கருவிப் பராமரிப்பு, சரிபார்ப்புக் கொப்பி (கோண்டாவில் கிளினிக், மார்ச் 2025)

எழுதிறது: நேர்ஸ், கருவிப் பொறுப்பு

03.03.2025 திங்கள், விடிய 7.20, ஓட்டோகிளேவ்

வெறும் லோட் ஒண்டு போட்டுப் பாத்தனான். கேஜ் 15 இறாத்தல் காட்டுது, ஆனா தேமோமீற்றர் 113 பாகையில நிண்டிட்டுது, பத்து நிமிசம் பாத்தும் ஏறேல்லை. 15 இறாத்தலுக்கு 121 வரவேணும், வராட்டி உள்ளுக்க காத்து அடைபட்டு நிக்குது எண்டு அர்த்தம், நீராவி மட்டும் இல்லை. டேப் என்னவோ கறுத்துத்தான் வந்தது. டேப் கறுத்தால் சூடு பட்டது எண்டு மட்டும்தான் தெரியும், கிருமி செத்ததுக்கு அது சாட்சி இல்லை, இதை எல்லாரும் தயவுசெய்து மனசில வையுங்கோ.

காத்துப் போற வால்வைக் கழட்டினா ஓட்டையில வெள்ளையாச் சுண்ணாம்பு படிஞ்சு கிடக்கு. கேட்டுப் பாத்ததில, காய்ச்சி வடிச்ச தண்ணி முடிஞ்ச நேரம் ரெண்டு கிழமையா கிணத்துத் தண்ணி விட்டிருக்கு. எங்கட மண் சுண்ணாம்புக்கல்லு, கேத்திலிலயே எவ்வளவு படியுது எண்டு வீட்டில பாக்கிறம்தானே. வால்வை வினாகிரியில அரை மணித்தியாலம் ஊறவிட்டு, காய்ச்சி வடிச்ச தண்ணியால அலசிப் பூட்டினது. சேப்டி வால்வில நான் கை வைக்கேல்லை, அது டெக்னீசியன்ர வேலை.

வெள்ளி 28.02 லோட்டுக்கு 121 எண்டு எழுதிக் கிடக்கு. சனி 01.03 லோட்டுக்கு வெப்பநிலைக் கட்டம் வெறுமையாக் கிடக்கு, அதால சனிக்கிழமை 9 பொதியையும் நம்ப ஏலாது எண்டு டொக்டரிட்டச் சொன்னனான். 7 பொதி பிரிக்கேல்லை, திரும்பக் கழுவப் போட்டாச்சு. மற்ற ரெண்டும் சனி பின்னேரம் புண் கட்டினதுக்குப் பாவிச்சது, அந்த ரெண்டு பேருக்கும் கோல் எடுத்து இண்டைக்கே வரச்சொல்லி டொக்டர் புண்ணைப் பாத்தவர், இப்போதைக்குச் சுகம், வியாழன் திரும்ப வருவினம்.

04.03.2025 செவ்வாய், ஓட்டோகிளேவ்

சோதனை லோட்: 15 இறாத்தல், 121 பாகை, பொதி கட்டினபடியால் 30 நிமிசம், அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்காப் பாத்து எழுதினது, ஒருக்காலும் 121க்குக் கீழ இறங்கேல்லை. ஸ்போர் குப்பி ஒண்டு நடுப் பொதிக்க வைச்சு எடுத்து, வேகவைக்காத ஒண்டோட சேத்து லாப்புக்கு அனுப்பினது. முடிவு வரும்வரைக்கும் பாவிக்க வேண்டாம், பக்கத்துக் கிளினிக்கில வேகவைச்சுத் தாறம் எண்டவை.

தராசு: கடைக்கார அண்ணையிட்ட இந்த வருச முத்திரை போட்ட 5 கிலோ படி நாலு வாங்கி வைச்சுப் பாத்தது. நடுவில 20.0, வலப்பக்க மூலையில 19.6. தராசில பிழையில்லை, கீழ டைல்ஸ் ஒண்டு பதிஞ்சு கிடக்கு. யன்னலுக்குக் கிட்ட மட்டமான இடத்தில வைச்ச பிறகு நாலு மூலையிலயும் 20.0. 400 கிராம் பெரிய ஆளுக்கு ஒண்டுமில்லை, ஆனா எட்டு மாசப் பிள்ளைக்கு அது கிட்டத்தட்ட ஒரு மாசத்து வளர்ச்சி, பிள்ளை ஏறேல்லை எண்டு தாயை அழவைச்சிடுவம். பற்றறியும் மாத்தியாச்சு.

06.03.2025 வியாழன், பிறஷர் மெசின் மூண்டும் (டெக்னீசியன் வந்தவர்)

அவர் கொண்டுவந்த சரிபாத்த மானியோட வை ட்யூப் பூட்டி ஒப்பிட்டது. மூண்டு மில்லிமீற்றருக்கு மேல வித்தியாசம் இருக்கப்படாது.

1ம் நம்பர், சுவரில உள்ளது: 50, 100, 150, 200 எல்லாம் 2க்குள்ள. சரி.
2ம் நம்பர், கையில கொண்டுபோறது: 50க்கு 49, 100க்கு 96, 150க்கு 142, 200க்கு 190. காத்தும் போகுது, 200 ஏத்திப் பூட்டினா ஒரு நிமிசத்தில 188. ட்யூப் மாத்தினதும் 198 நிண்டுது, ஆனா ஊசி குறைச்சுக் காட்டிறது மாறேல்லை. பாவனையில இருந்து எடுத்து 'பாவிக்க வேண்டாம்' எண்டு ஒட்டியாச்சு.
3ம் நம்பர், டிஜிற்றல்: சரி. கஃப் வெல்குரோ தேஞ்சது, புதுசு சொல்லியாச்சு, பெரிய சைஸும் ஒண்டு வேணும், தடிச்ச கைக்குச் சின்னக் கஃப் கட்டினா பிறஷர் கூடக் காட்டும்.

2ம் நம்பர்தான் என்ரை மனசைப் போட்டு வாட்டுது. 0ல ஊசி ஒழுங்கா நிண்டபடியால் ஒருத்தருக்கும் சந்தேகம் வரேல்லை. அதில 138 எண்டு எழுதின ஆளுக்கு உண்மையில 145க்குக் கிட்ட இருந்திருக்கும், மருந்து தொடங்கவோ கூட்டவோ வேண்டிய ஆளை 'நல்லாயிருக்கு அம்மா' எண்டு அனுப்பியிருக்கிறம். செப்டெம்பரில சரிபாத்ததுக்குப் பிறகு அந்த மெசினில 130 தொடக்கம் 140 வந்த ஆக்கள் கொப்பியில 17 பேர். எல்லாரையும் கூப்பிட்டு 1ம் நம்பரில திரும்ப எடுக்கச் சொல்லி டொக்டர் சொல்லிட்டார், காசு எடுக்கிறேல்லை. நான்தான் கோல் எடுக்கிறன், இண்டைக்கு 6 பேர் வந்தவை, ரெண்டு பேருக்கு 140க்கு மேல, டொக்டர் கதைச்சவர்.

ஸ்போர் முடிவு: எங்கட குப்பி ஊதா நிறம் மாறேல்லை, வேகவைக்காதது மஞ்சளா மாறினது. பாஸ். ஓட்டோகிளேவ் பின்னேரம் 4 மணியில இருந்து பாவனையில. புண் கட்டின ரெண்டு பேரும் வந்தவை, சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை.

காய்ச்சி வடிச்ச தண்ணி 5 லீற்றர்க் கான் நாலு எடுத்து வைச்சிருக்கு, ஒண்டு மிஞ்சேக்க எனக்குச் சொல்லுங்கோ. மிச்சம் 11 பேருக்குக் கோல் வெள்ளியும் சனியும். அடுத்த பிறஷர் மெசின் சரிபாப்பு செப்டெம்பர் 2025.