கல்லாவில் விழாத பணம் வரவு அல்ல

1

கல்லாவில் விழாத பணம் வரவு அல்ல

கைப்பேசியிலும் கார்டிலும் பணம் வாங்கும் சிறு கடைக்காரர்கள் ஏமாறாமல் இருக்க

(அடுத்த பக்கத்துக்குத் தள்ளுங்கள் →)

2

பன்னிரண்டு ஆண்டுகளாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். நோட்டைக் கையில் வாங்கியதுமே நல்லதா கள்ளதா என்று விரல் சொல்லிவிடும். திரையில் தெரியும் பச்சைக் குறியை அப்படித் தடவிப் பார்க்க முடியாது.

போன ஆண்டு ஒரு மாலை நெரிசலில் மூன்று பேர் ஆளுக்கொரு திரையைக் காட்டி, "அனுப்பிவிட்டேன் அக்கா" என்றார்கள். தலையை ஆட்டிச் சரக்கைக் கொடுத்துவிட்டேன். இரவு கணக்கு பார்த்தபோது மூன்றில் ஒன்றுகூட வரவில் இல்லை. அந்த இரவுக்குப் பிறகு கேட்டும் பட்டும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

3

வாடிக்கையாளரின் கைப்பேசி சாட்சி அல்ல

பணம் அனுப்பியதுபோலவே காட்டும் போலிச் செயலிகள் இருக்கின்றன. உங்கள் கடைப் பெயர், தொகை, நேரம், பச்சைக் குறி, 'டிங்' என்ற ஒலி எல்லாம் அதில் வரும். பணம் மட்டும் வராது. ஸ்கிரீன்ஷாட்டைத் திருத்துவது அதைவிட எளிது. நேற்றைய ஸ்கிரீன்ஷாட்டையே இன்றும் காட்டலாம்.

உங்கள் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 'உங்கள் கணக்கில் பணம் வரவு' என்று யார் வேண்டுமானாலும் தட்டச்சு செய்து அனுப்பலாம். அனுப்புநர் இடத்தில் வங்கியின் பெயர் தோன்றும்படி செய்கிறவர்களும் உண்டு.

அப்படியானால் எதை நம்புவது? உங்கள் செயலியை நீங்களே திறந்து, வரவுப் பட்டியலில் அந்தத் தொகை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சரக்கைக் கொடுங்கள். இல்லாவிட்டால், "இன்னும் வரவில்லை, ஒரு நிமிடம் பொறுங்கள்" என்று சொல்லுங்கள். உண்மையாகவே அனுப்பியவர் அந்த ஒரு நிமிடத்துக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

4

ஸ்பீக்கர் பெட்டி நல்ல துணை

வரவைக் குரலில் சொல்லும் பெட்டி இருந்தால் பாதிச் சுமை குறையும். ஆனால் அது சொல்லும் தொகையைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். 450 வர வேண்டிய இடத்தில் 45 வந்தாலும் பெட்டி அதே உற்சாகத்தோடுதான் அறிவிக்கும்.

சார்ஜ் இறங்கினாலும் சிக்னல் போனாலும் பெட்டி வாய் திறக்காது. காலையில் கடை திறந்ததும் அதில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். வாடிக்கையாளரின் கைப்பேசியிலிருந்து வரும் குரலை உங்கள் பெட்டியின் குரல் என்று எண்ணி ஏமாந்தவர்களும் இருக்கிறார்கள். பெட்டியைக் கல்லாவுக்குப் பக்கத்தில், உங்கள் காதுக்கு அருகில் வையுங்கள்.

5

கியூஆர் ஸ்டிக்கரைத் தினமும் தொட்டுப் பாருங்கள்

கியூஆர் குறியீடு 1994-இல் ஜப்பானில், வாகன உதிரிபாகங்களைக் கண்காணிப்பதற்காக உருவானது. இயந்திரம் வேகமாகப் படிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். மனிதக் கண்ணால் அதைப் படிக்க முடியாது. உங்கள் சதுரமும் திருடனின் சதுரமும் பார்வைக்கு ஒரே கட்டம் போட்ட துணிதான்.

இரவோடு இரவாக உங்கள் ஸ்டிக்கரின் மேல் தங்கள் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். மறுநாள் வியாபாரம் எல்லாம் அவர்கள் கணக்குக்குப் போய்விடும். வாடிக்கையாளர் உண்மையாகவே பணம் அனுப்பியிருப்பார், உங்களுக்குத்தான் வந்திருக்காது. வீண் சண்டை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கடை திறந்ததும் ஸ்டிக்கரின் ஓரத்தை விரலால் தடவுங்கள். தடிப்பு இருந்தால் உரித்துப் பாருங்கள். முடிந்தால் வேறொரு கைப்பேசியில் ஸ்கேன் செய்து, உங்கள் பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள். இரவில் ஸ்டிக்கர் பலகையை உள்ளே எடுத்து வைப்பது இன்னும் நல்லது. வாடிக்கையாளரிடம், "என்ன பெயர் வருகிறது?" என்று கேட்கும் பழக்கமும் உதவும்.

6

பணம் வாங்க உங்கள் பின் எண் தேவையே இல்லை

இந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது மனப்பாடம் செய்யுங்கள்.

உங்கள் கணக்குக்குப் பணம் வருவதற்கு நீங்கள் பின் எண்ணை அழுத்த வேண்டியதில்லை, ஓடிபி சொல்ல வேண்டியதில்லை, யாரோ அனுப்பும் கியூஆரை ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. இவற்றில் எதையேனும் செய்யச் சொன்னால், பணம் உங்களிடமிருந்து போகப்போகிறது என்று பொருள்.

மொத்தமாகச் சரக்கு கேட்டு ஒருவர் தொலைபேசியில் பேசுவார். பேரம்கூடப் பேசமாட்டார். "முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்து ஏற்றுக்கொள்ளுங்கள்" என்பார். நம்பிக்கை வருவதற்காக முதலில் மிகச் சிறிய தொகையை உண்மையாகவே அனுப்புவார். இரண்டாவது முறை அவர் அனுப்புவது பணம் கேட்கும் கோரிக்கையாக இருக்கும். மொத்த வியாபாரம் கிடைக்கிறதே என்ற ஆசையில் பின் எண்ணை அழுத்தினால், அன்றைய கல்லா காலி.

7

"தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்"

இதில் நல்லவர்கள்தான் அதிகம் சிக்குகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் வகை: பணம் வரவே இல்லை. போலிக் குறுஞ்செய்தி மட்டும் வந்திருக்கும். "450-க்குப் பதில் 4500 போட்டுவிட்டேன், மருத்துவமனையில் இருக்கிறேன், மீதியை உடனே அனுப்புங்கள்" என்று அழுத குரலில் அழைப்பு வரும். வரவுப் பட்டியலைத் திறந்து பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

இரண்டாவது வகை: பணம் உண்மையாகவே வந்திருக்கும். ஆனால் அது வேறு யாரிடமிருந்தோ திருடப்பட்டதாக இருக்கலாம். "இந்த எண்ணுக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்று வேறொரு கணக்கைக் கொடுப்பார்கள். நீங்கள் நேர்மையாக நினைத்து அனுப்புவீர்கள். திருட்டுப் பணம் உங்கள் கணக்கு வழியாகக் கடந்ததாகப் பதிவாகும். பணத்தை இழந்தவர் புகார் கொடுக்கும்போது விசாரணை உங்களிடம் வரும், கணக்கே முடக்கப்படலாம். சரக்கு வாங்கவும் வாடகை கொடுக்கவும் பணம் இல்லாமல் நிற்க வேண்டியிருக்கும்.

என்ன செய்யலாம்? அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். கேட்பவரிடம், "உங்கள் வங்கியில் புகார் கொடுங்கள், வங்கி வழியாகத் திருப்பித் தருகிறேன்" என்று சொல்லுங்கள். உங்கள் வங்கிக்கும் அன்றே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். உண்மையாகத் தவறியவருக்குப் பணம் போய்ச் சேர இதுவே நேரான வழி. எதிரில் நிற்கும் பழகிய வாடிக்கையாளராக இருந்தால்கூட, பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்குத்தான் திரும்ப வேண்டும்.

8

கார்டு இயந்திரம்

இயந்திரத்தை வாடிக்கையாளர் பின் எண் அழுத்துவதற்காகக் கொடுத்தால், கண் அதன் மேலேயே இருக்கட்டும். கையில் கிடைத்த சில நொடிகளில் 'ரீஃபண்ட்' பகுதிக்குள் போய்த் தன் கார்டுக்கே பணத்தைத் திருப்பிக்கொள்ளும் தந்திரம் உண்டு. இயந்திரத்தோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள். ரசீதில் 'APPROVED' என்று இருந்தால் மட்டுமே சரக்கு. 'DECLINED' என்றால் பணம் வரவில்லை.

தொலைபேசியில் கார்டு எண்ணைச் சொல்லிச் சரக்கு வாங்குகிறவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். கார்டு திருடப்பட்டதாக இருந்தால், வாரங்கள் கழித்து உரிமையாளர் மறுப்புத் தெரிவிப்பார். வந்த பணம் உங்கள் கணக்கிலிருந்து திரும்ப எடுக்கப்படும். கார்டுக்குப் பின்னால் உள்ள மூன்று இலக்க எண்ணை எந்த நோட்டிலும் எழுதி வைக்காதீர்கள். அது வாடிக்கையாளரின் சாவி.

9

வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லும் குரல்

"உங்கள் கணக்கு இன்று மாலை நின்றுவிடும்." "இயந்திரத்தின் பதிவைப் புதுப்பிக்க வேண்டும்." "உங்களுக்குக் கடன் ஒப்புதலாகியிருக்கிறது."

கூட்டம் நிற்கும் நேரம் பார்த்து அழைப்பார்கள். அவசரப்படுத்துவார்கள். திரையைப் பகிரும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வார்கள். நிறுவினால் நீங்கள் அழுத்துவதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். `.apk` என்று முடியும் கோப்பை அழைப்பிதழ், அபராத அறிவிப்பு என்ற பெயரில் அனுப்புவார்கள். திறக்காதீர்கள், அது உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்கும் செயலியாக இருக்கலாம்.

வைத்துவிடுங்கள். பிறகு கார்டின் பின்புறமோ கணக்குப் புத்தகத்திலோ அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். இணையத்தில் தேடி எடுக்கும் 'வாடிக்கையாளர் சேவை' எண்களில் போலிகள் கலந்திருக்கின்றன.

10

வீட்டுக் கணக்கு வேறு, கடைக் கணக்கு வேறு

கடை வரவுக்குத் தனிக் கணக்கு வைத்து, சேரும் பணத்தை அவ்வப்போது மாற்றிவிடுங்கள். ஏதாவது நடந்தாலும் மகளின் படிப்புப் பணம் தப்பும். ஒரு நாளில் அனுப்பக்கூடிய தொகைக்கும் வரம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் வேலை செய்யும் தம்பிக்கு வரவைப் பார்க்கும் வசதி மட்டும் போதும். பின் எண்ணைக் கொடுக்காதீர்கள். அவர்மேல் நம்பிக்கை இல்லாததால் அல்ல. நாளை ஏதாவது குறைந்தால் அவர்மேல் பழி விழக் கூடாது என்பதால்.

11

பணம் நடுவழியில் நின்றால்

வாடிக்கையாளர் கணக்கில் கழிந்திருக்கும், உங்களுக்கு வந்திருக்காது. திரையில் 'PENDING' என்று நிற்கும். உடனே இரண்டாவது முறை அனுப்பச் சொல்லாதீர்கள். பரிவர்த்தனை எண்ணையும் நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள். சற்று நேரம் பாருங்கள். வராவிட்டால் நோட்டாகக் கொடுக்கச் சொல்லுங்கள், அல்லது சரக்கை அவர் பெயர் எழுதி எடுத்து வையுங்கள். நோட்டாக வாங்கிய பிறகு, நடுவழியில் நின்ற பணமும் வந்துவிட்டால், வந்த கணக்குக்கே அதைத் திருப்பி அனுப்பி, அவரிடமும் சொல்லிவிடுங்கள்.

12

இரவில் பத்து நிமிடம்

நோட்டையும் சில்லறையையும் எண்ணுவதுபோல் வரவுப் பட்டியலையும் எண்ணுங்கள். இன்று வாங்கிய பணம் வங்கியில் சேர அடுத்த வேலை நாள் ஆகலாம். அதனால் செயலியின் பட்டியலைக் கடையின் கணக்கு நோட்டோடும் மறுநாள் வங்கி வரவோடும் ஒப்பிட வேண்டும். குறைவது இன்றே தெரிந்தால் இன்றைய முகங்கள் நினைவில் இருக்கும்.

13

பணம் போய்விட்டால், முதல் ஒரு மணி நேரம்

வெட்கப்படாதீர்கள். யாரிடம் சொல்வது என்று தயங்கும் நேரத்தில்தான் பணம் கணக்கு விட்டுக் கணக்கு ஓடுகிறது.

வங்கியை அழைத்துக் கணக்கையும் கார்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். புகார் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் காரணம் இல்லாமல் சிக்னல் போயிருந்தால், உங்கள் எண்ணுக்கு வேறு யாரேனும் சிம் எடுத்திருக்கலாம். வேறொரு கைப்பேசியிலிருந்து தொலைபேசி நிறுவனத்தை அழையுங்கள். குறுஞ்செய்தி, அழைப்பு விவரம் எதையும் அழிக்காதீர்கள்.

இந்தியாவில்: 1930, `cybercrime.gov.in`
மலேசியாவில்: 997
சிங்கப்பூரில்: 1799
மற்ற நாடுகளில்: உங்கள் வங்கியும் அருகிலுள்ள காவல் நிலையமும்

உங்கள் நாட்டின் எண்ணையும் வங்கியின் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி, கல்லாப்பெட்டியின் மூடிக்கு உட்புறம் இன்றே ஒட்டிவிடுங்கள். பக்கத்துக் கடைக்கும் ஒன்று எழுதிக் கொடுங்கள்.