பிரதான பாடத்தைப் பொருளியலிலிருந்து புவியியலுக்கு மாற்றுவது தொடர்பாக

மதிப்பிற்குரிய புவியியல் துறைத்தலைவர் அவர்களுக்கு,

வணக்கம் மெடம்.

நான் கலைப்பீடத்துத் தமிழ்மொழிமூல மாணவி. முதலாம் ஆண்டுப் பெறுபேறுகள் போன வாரம் வந்தன. பதிவின்போது பிரதான பாடமாகப் பொருளியலைக் கொடுத்திருந்தேன். இரண்டாம் ஆண்டிலிருந்து அதைப் புவியியலுக்கு மாற்றிக்கொள்ள உங்கள் சம்மதத்தைக் கேட்டு எழுதுகிறேன். பீடாதிபதி அலுவலகத்துக்குப் போகும் முன் உங்களிடம் பேசுவதுதான் முறை என்று நினைத்தேன்.

பெறுபேற்றுத் தாளை இணைத்திருக்கிறேன். அதைத் திறந்ததும் உங்கள் கண்ணில் படப்போவது பொருளியலுக்கான கணிதத்தில் நான் எடுத்த சி பிளஸ்தான். கணிதத்துக்குப் பயந்து ஓடி வருகிறாள் என்று தோன்றலாம். அந்தப் பாடம் எனக்குக் கஷ்டமாக இருந்தது உண்மை. ஆனால் புவியியலுக்கு வந்தாலும் புள்ளிவிபரமும் ஆள்கூறுகளும் விடப்போவதில்லை என்று தெரிந்துதான் கேட்கிறேன். பொருளியலின் மற்ற இரண்டு அலகுகளிலும் பி பிளஸ். முதல் அரையாண்டில் எடுத்த புவியியல் அறிமுக அலகில் ஏ.

இந்த எண்ணம் வந்தது பொருளியல் ஒப்படை ஒன்றில். வெள்ளத்தால் சிறு கடைகளுக்கு ஏற்படும் நட்டத்தைக் கணக்கிடச் சொன்னார்கள். எங்கள் வீடு வெல்லம்பிட்டியில். 2016 மே வெள்ளத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுக் கொட்டாஞ்சேனையில் பெரியம்மா வீட்டுக்குப் போனவர்கள் நாங்கள். அதனால் எங்கள் பக்கத்துக் கடைகளையே எடுத்தேன். 14 கடைக்காரர்களிடம் போனேன். நட்டத்தைக் கேட்டேன், ஆனால் ஒவ்வொரு கடையிலும் சுவரில் தண்ணீர் நின்ற உயரத்தையும் அளவுநாடாவால் அளந்துகொண்டு வந்தேன். யாரும் அதைக் கேட்கவில்லை. ஒரே வீதியில், பத்துக் கடை தள்ளி, ஒன்றரை அடி வித்தியாசம் இருந்தது. ஏன் என்று பார்க்க இடவிளக்கப்படத்தை எடுத்து, QGIS இல் கடைகளைக் குறித்தேன். மென்பொருளை இரண்டு வாரம் நானாகவே தட்டுத்தடுமாறிப் பழகினேன். அதிகம் மூழ்கிய கடைகள் எல்லாம் முன்பு சதுப்பாக இருந்து பிறகு மண் நிரப்பிய பக்கத்தில் இருந்தன. 2018 இல் கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. தண்ணீரைத் தாங்கி வைத்திருக்கும் அந்த நிலத்தை நிரப்பிவிட்டால் தண்ணீர் எங்கே போகும் என்பது எங்கள் ஒழுங்கையில் இருப்பவர்களுக்குத் தெரிந்த கதை. எனக்கு அதை அளந்து, படமாக்கிக் காட்டப் பழக வேண்டும்.

ஒப்படையைத் திருத்திய விரிவுரையாளர், படம் நன்றாக இருக்கிறது, நட்டக் கணக்கு எங்கே என்று எழுதியிருந்தார். அவர் கேட்டது நியாயம்தான். அந்தப் பிரதியையும் இணைத்திருக்கிறேன்.

உயர்தரத்தில் புவியியலுக்கு ஏ எடுத்துவிட்டு ஏன் பொருளியலுக்குப் போனாய் என்று கேட்பீர்கள். என்னை ஒரு வங்கிக் கிளையில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. நானும் மறுத்துப் பேசவில்லை. இப்போது வீட்டில் பேசிவிட்டேன். அப்பாவுக்கு முழுச் சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சரி என்றுவிட்டார்.

எனக்கு இருக்கும் உண்மையான தடை, இரண்டாம் அரையாண்டின் பௌதிகப் புவியியல் அலகை நான் எடுக்காததுதான். அந்த இடத்தில் சமூகவியல் எடுத்திருந்தேன். அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டு மாணவர்களோடு உட்கார்ந்து அதைப் படித்து, பரீட்சையும் எழுத முடியுமா? இப்போதைய நேரசூசியின்படி அது செவ்வாய் காலை நடக்கிறது, இரண்டாம் ஆண்டு விரிவுரைகள் எதோடும் மோதவில்லை. அந்த அரையாண்டில் மூன்று கிரெடிட் கூடும், சமாளிப்பேன். அப்படிச் செய்ய விதிமுறை இடம் தராவிட்டால், விடுமுறையில் நான் செய்யக்கூடிய வேறு வேலை ஏதும் இருந்தால் சொல்லுங்கள். ஒரு வருடம் பின்தங்குவதைத் தவிர்க்கப் பார்க்கிறேன், மகாபொல பணத்தில்தான் பஸ் கட்டணமும் போட்டோகொப்பியும் ஓடுகிறது.

பொருளியலை முற்றாக விட எண்ணமில்லை. துறை அனுமதித்தால் துணைப்பாடமாகத் தொடர்வேன். பொருளியல் துறைத்தலைவரிடமும் வாய்மொழியாகச் சொல்லிவிட்டேன், உங்கள் முடிவு தெரிந்ததும் எழுத்தில் தரச் சொன்னார்.

புதன் அல்லது வியாழன் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு எனக்கு விரிவுரை இல்லை. பத்து நிமிடம் ஒதுக்க முடிந்தால் அந்தப் படத்தையும் கொண்டு வந்து காட்டுவேன். வேறு நாள்தான் வசதி என்றாலும் வருகிறேன் மெடம்.

நன்றி.

இப்படிக்கு,
கீர்த்தனா
முதலாம் ஆண்டு, கலைப்பீடம்

இணைப்பு: பெறுபேற்றுத் தாள் (பதிவிலக்கம் அதில் உள்ளது), ஒப்படைப் பிரதி